விலை ஏறிய வாரத்தில் ஏன் சங்கம் உடைகிறது?

கேள்வி: நாங்கள் இருபது தக்காளி விவசாயிகள். இடைத்தரகரைத் தவிர்த்து, கூட்டாகவும் நேரடியாகவும் விற்க நினைக்கிறோம். விலை விழுந்தாலும் சங்கம் தாங்குமா?

பதில்:

விலை விழும்போது சங்கம் உடைவதை நான் பார்த்ததில்லை. அப்போது எல்லோரும் சங்கத்தைத் தேடி வருவார்கள். விலை ஏறும்போதுதான் உடைகிறது. எங்கள் குழுவில் ஆறு ஆண்டுகள் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் ஆண்டு நாங்கள் 24 பேர். கடை ஒன்றுடன் ஒரே விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்தோம். ஐந்தாவது வாரத்தில் சந்தை விலை ஒப்பந்த விலையைத் தாண்டியது. ஒன்பது பேர் சரக்கை வியாபாரியிடம் கொண்டுபோனார்கள். வண்டி பாதிதான் நிரம்பியது. வாடகையோ முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கேட்ட அளவு வராததால் அடுத்த மாதம் அந்தக் கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. பிறகு விலை சரிந்தபோது அந்த ஒன்பது பேருக்கும் போக்கிடம் இல்லை, எங்களுக்கும் இல்லை.

அவர்கள் மீது எனக்கு அன்று கடுங்கோபம். பிறகு கணக்கை எடுத்துப் பார்த்தபோது பாதித் தவறு எங்களுடையது என்று புரிந்தது. வியாபாரி அன்றே பணம் கொடுக்கிறார். தரம் பிரிக்காமல் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். நாங்கள் கொடுத்ததோ பதினைந்து நாள் கழித்து.

இந்த இடைவெளிக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வாங்குபவர் 15 நாளில் பணம் தருகிறார். சரக்கு வந்த அன்றே மதிப்பில் 60 சதவீதத்தை உறுப்பினருக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நேரமும் ஒன்பது நாள் விற்பனையின் மதிப்பு உங்கள் கையை விட்டு வெளியே நிற்கும். எங்கள் பங்குப்பணம் இரண்டு நாள் விற்பனைக்குத்தான் சமம். அதை வைத்து இப்படி அன்றே கொடுக்கத் தொடங்கியபோது, நான்காம் நாளே கல்லாப்பெட்டி காலியானது. எனவே வாங்குபவரிடம் விலையைப் பேசும் முன் பணம் தரும் நாளைப் பேசுங்கள். ஏழு நாளாகக் குறைந்தால் தேவை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அடுத்தது விலை. நாளுக்கு ஒரு விலை என்றால் ஏற்ற இறக்கம் முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது. பருவம் முழுவதற்கும் ஒரே சராசரி என்றால், விலை உச்சத்தில் இருந்தபோது சரக்கு கொடுத்தவர் ஏமாந்ததாக உணர்வார். அடுத்த முறை வெளியே விற்பார். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, இரண்டு வாரச் சராசரிக்கு வந்தோம். அந்த இரண்டு வாரத்தில் வந்த முதல் தரச் சரக்குக்கு ஒரு விலை, இரண்டாம் தரத்துக்கு ஒரு விலை. தரம் பிரிக்காமல் சராசரி போடாதீர்கள். நல்ல காய் விளைவிப்பவர்தான் முதலில் விலகுவார். விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே தர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். நாங்கள் பாதியை மட்டும் எழுதி வாங்கினோம். அந்தப் பாதியில் குறைந்தால், குறைந்த ஒவ்வொரு பெட்டிக்கும் அபராதம். மீதியை அவரவர் விருப்பப்படி விற்கலாம். மூன்றாம் ஆண்டில் வண்டி நிரம்பத் தொடங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கைந்து நாளில் கனிந்துவிடும் காயை வைத்துக்கொண்டு, பரந்த சந்தையின் சரிவை எந்தச் சிறு சங்கமும் தடுக்க முடியாது. போன பருவம் விலை நன்றாக இருந்தால் இந்தப் பருவம் எல்லோரும் நடுவார்கள். அறுவடையும் ஒன்றாக வரும். சங்கத்தால் செய்ய முடிந்தது, நடவை வாரவாரியாகப் பிரிப்பது. எங்களில் ஆறு ஆறு பேராக நான்கு வாரத்தில் நாற்று நட்டோம். சரிவு வந்தபோதும் எல்லோர் காயும் ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்ளவில்லை.

நேரடி விற்பனையில் விலை கூடக் கிடைக்கும், ஆனால் எல்லாம் விற்காது. நூறு பெட்டி கொண்டுபோனால் எங்களுக்கு எட்டு தரம் பிரிப்பில் கழிந்தது, ஏழு நசுங்கியும் எடை குறைந்தும் போனது, பதினைந்து மாலையில் தேங்கியது. மீதி எழுபதைக் கொண்டு வியாபாரி நூறுக்குத் தருவதை எடுக்க, அவர் விலையைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேண்டும். வண்டியும் ஒரு நாள் உழைப்பும் இதில் சேரவில்லை. ஆகவே மிக மந்தமான நாளில் எத்தனை பெட்டி விற்குமோ அத்தனையை மட்டும் நேரடிக்கு ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் உங்கள் இருபது பேரில் எத்தனை பேர் வியாபாரியிடம் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எங்களில் பதினொரு பேர் அப்படி இருந்தார்கள். முதல் ஆண்டு அது எங்களுக்குத் தெரியாது. பிறகு வியாபாரியிடமே போய்ப் பேசினோம். சங்கத்துக்கு எழுதாத பாதி அவருக்கு, கடனை அதில் கழித்துக்கொள்ளட்டும் என்றோம். இரண்டு பேருக்கு மட்டும் மறுத்தார், மற்றவர்களுக்கு ஒப்புக்கொண்டார்.