தீ அலாரம் அடித்தால் உள்ளே யாரும் இல்லை என்று எப்படித் தெரியும்?

கேள்வி: கொழும்பில் ஒரு மண்டபத்தில் 300 பேர் வரும் விழா நடத்தப் போகிறோம். தீ அலாரம் அடித்து எல்லாரும் வெளியே வந்த பிறகு, அன்றைய பதிவு லிஸ்டை வைத்துப் பெயர் கூப்பிட்டால் போதுமா?

போதாது. பதிவு லிஸ்டைப் பார்த்தால் யார் வந்தார்கள் என்று தெரியும். உள்ளே யாரும் மிஞ்சவில்லை என்று சொல்ல வேண்டியவர், தன் பகுதியைக் கண்ணால் பார்த்துவிட்டு வெளியே வரும் வார்டன். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் ஒப்பிட ஒருவர் இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் நடந்த ஒரு சிறுவர் நாடகப் போட்டியில் அந்த ஒருவராக நான் நின்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் சமையல் பக்கம் மின்கம்பி கருகிப் புகை வந்தது. அலாரம் அடித்ததும் ஒருவர் 110க்கு அழைத்தார். பதிவு மேசையில் இருந்த அக்கா வேறெதையும் தொடாமல் லிஸ்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பதிந்தவர்கள் 312 பேர், வந்தவர்கள் 268. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய 21 பேரின் பெயரை வாசலிலேயே அவர் அடித்திருந்தார். ஆக 247 பேர் எங்கள் கணக்கில் இருந்தார்கள். அந்த 21 கோடுகள் இல்லாமல் இருந்திருந்தால், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் புகைக்குள் தேடியிருப்போம்.

247 பெயரையும் ஒருவரே கூப்பிட்டு முடியாது. காலி வீதி இரைச்சலில் பாதி கேட்காது. அதோடு நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு: அன்று எஸ். பிரியா மூன்று பேர். ஒருத்தி கை தூக்கினால் மூன்று பெயருக்கும் சரி போட்டுவிடுவோம். நல்லவேளையாக, வரும்போதே ஆறு நிறத்தில் அட்டை கொடுத்திருந்தோம். ஒவ்வொரு வார்டனிடமும் தன் நிறத்துக்கான ஒரு தாள், ஏறக்குறைய 40 பெயர். ஆள் முன்னால் வந்து அட்டையைக் காட்டினால் மட்டுமே சரி. தூரத்திலிருந்து ‘இருக்கிறேன்’ என்றாலும், பக்கத்தில் நிற்பவர் ‘அவள் வந்துவிட்டாள்’ என்றாலும் போடக்கூடாது. சமையல்காரர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள், கூட வந்த டிரைவர்கள் விருந்தினர் லிஸ்டில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனித் தாள் வேண்டும்.

சரி போட்டு முடித்தபோது 239. எட்டுப் பேரைக் காணவில்லை. லிஸ்டில் பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர் இருந்ததால் உடனே அழைத்தோம். ஐந்து பேர் ஒரே குடும்பம். அலாரம் கேட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறி வீட்டுக்கே போய்விட்டார்கள். பெற்றோர் வரும் நிகழ்ச்சியில் இது கட்டாயம் நடக்கும். இன்னும் இரண்டு பேர் அன்று வரவே இல்லை. நண்பர் ஒருவர் அவர்களுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். மிஞ்சியது ஒருவன், 11 வயதுப் பையன், மஞ்சள் அட்டை.

அப்போதுதான் என் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தேன். வார்டன் நேரில் வந்து ‘பார்த்தேன், யாரும் இல்லை’ என்று சொன்னால்தான் அதில் குறி. ஐந்து கட்டத்தில் குறி இருந்தது. மேடைக்குப் பின்னால் உள்ள மாடி அறைகளுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த வார்டன் தம்பி, அலாரம் அடித்தபோது தண்ணீர் போத்தல் எடுக்க வாசலுக்கு வந்திருக்கிறார். கூட்டம் வெளியே பாய்ந்ததால் திரும்பி உள்ளே போக முடியாமல் நேரே கூடுமிடத்துக்கு வந்துவிட்டார். அவர் செய்தது சரி. அவருக்குப் பதிலாள் போடாதது எங்கள் பிழை. குறி இல்லாத கட்டத்தை ‘ஆள் இருக்கலாம்’ என்றே எடுக்க வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்ததும் ‘எட்டுப் பேரைக் காணவில்லை’ என்று நான் கத்தியிருந்தால் அவர்கள் கட்டடம் முழுக்கத் தேடியிருப்பார்கள். “ஒரு பையன், 11 வயது, மேடைக்குப் பின்னால் மாடியில் உடை மாற்றும் அறை, அந்தப் பகுதி பார்க்கப்படவில்லை” என்றேன். சில நிமிடங்களில் ராஜா வேஷத்தோடு தூக்கி வந்தார்கள். அறைக் கதவை மூடிக்கொண்டு ஹெட்போனில் வசனம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதுவரை அவன் அம்மா உள்ளே ஓடப் பார்த்தார். இரண்டு பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். அந்த வேலைக்கும் முன்பே ஆளைக் குறித்து வையுங்கள். வார்டன் உட்பட யாரையும் திரும்ப உள்ளே விடக்கூடாது.

கூடுமிடத்தை ஒழுங்கையின் வாயில் வைக்காதீர்கள், வண்டி அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் போனால் பிள்ளைகள் ரயில் பாதைக்கு இறங்காமல் பார்க்க ஒருவர் தேவை. இப்போது எங்கள் நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பெயர் போடுகிறோம். வார்டன் தேநீர் குடிக்கப் போனாலும் தன் அட்டையை அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் போகிறார். அப்புறம், கழிவறைக் கதவுகளைத் தட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.