லெக் பிரஸ்: கால் மேலே வைத்தும் பிட்டத்தில் வேலை தெரியவில்லை

"பிட்டத்துக்காகப் பாதத்தைப் பலகையின் உச்சியில் வைத்து 120 கிலோ தள்ளுகிறேன். தொடைதான் எரிகிறது, மறுநாள் கீழ்முதுகு பிடிக்கிறது. ஏன்?"

பாதத்தை மேலே ஏற்றினால் முட்டி குறைவாக மடங்கும், இடுப்பு அதிகமாக மடங்கும். அதனால் சுமையில் ஒரு பகுதி தொடையின் முன்தசையிலிருந்து பிட்டத்துக்கு நகரும். ஒரு பகுதிதான். முட்டியை நீட்டாமல் பலகையைத் தள்ள முடியாது என்பதால், எங்கே வைத்தாலும் முன்தொடைக்கு வேலை இருக்கும். எரிவதைத் தவறாக எண்ண வேண்டாம்.

முதுகு பிடிப்பதுதான் எனக்குக் கவலை. உச்சியில் பாதம் இருக்கும்போது இடுப்பு மடங்கும் எல்லை சீக்கிரம் வந்துவிடும். அதற்கு மேலும் பலகையை இறக்கினால் இடுப்பெலும்பு சுருண்டு, வால் எலும்பு இருக்கையை விட்டு எழும்பும், கீழ்முதுகு வளையும். அந்த நிலையில் சுமையில் ஒரு பகுதி கீழ்முதுகில் இறங்குகிறது. பக்கவாட்டில் போனை வைத்து ஒரு செட் படம் எடுத்துப் பாருங்கள், எழும்பும் இடம் தெளிவாகத் தெரியும்.

எடையை 80 கிலோவாக்குங்கள். பாதத்தை உச்சியிலிருந்து ஒரு கையகலம் இறக்கி, தோள் அகலத்தில் வையுங்கள். முதுகுச் சாய்வை மாற்ற முடிந்தால் இன்னும் பின்னால் சாயுங்கள், இடுப்புக்கு இடம் கிடைக்கும். மூன்று நொடியில் இறக்கி, வால் எலும்பு எழும்புவதற்குச் சற்று முன்பே நிறுத்தி, குதிகாலால் தள்ளுங்கள். அப்புறம், பாதத்தை ரொம்பக் கீழே கொண்டுபோகாதீர்கள். குதிகால் தூக்கினால் சுமை முட்டிக்குப் போகிறது.

இப்படிச் செய்தும் வலித்தால், அல்லது வலி காலுக்கு இறங்கினால், லெக் பிரஸை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.