ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால் லோன் ரத்தாகிவிடுமா?

கேள்வி: "ஆன்லைன் கோர்ஸ் ஒன்றுக்கு, நடத்துபவர்களே லோன் ஏற்பாடு செய்தார்கள். மாதம் 4,000 ரூபாய், 12 தவணை. வகுப்பு சரியில்லை, இரண்டு தவணையோடு நின்றுவிட்டேன். மூன்றாவது தவணைக்குக் கணக்கில் பணம் வைக்கவில்லை. வங்கி இரண்டு முறை 295 ரூபாய் பிடித்தது. லோன் கம்பெனி பவுன்ஸ் சார்ஜ் 590 கேட்கிறது. அதன்பிறகு ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிட்டேன். ஏன் இன்னும் கேட்கிறார்கள்?"

பதில்: நீங்கள் ரத்து செய்தது, கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள வங்கிக்குக் கொடுத்த அனுமதியை மட்டும்தான். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கடன் ஒப்பந்தம் லோன் கம்பெனியோடு போட்டது. அவர்கள் உங்கள் சார்பில் கட்டணத்தை அப்போதே செலுத்தியிருப்பார்கள். வகுப்பின் தரம் உங்களுக்கும் கோர்ஸ் நடத்துபவருக்கும் உள்ள தகராறு. அதற்காகத் தவணை தானாக நிற்காது.

செலவைப் பாருங்கள். பணம் இல்லையென்று திரும்பினால் லோன் கம்பெனி மறுபடியும் அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் வங்கி தனியாகப் பிடிக்கும். கணக்கு காலியாக இருந்தால் அடுத்து பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளும். வங்கி இரண்டு முறை பிடித்தது 590, லோன் கம்பெனி கேட்பது இன்னொரு 590, ஆக 1,180 ரூபாய் செலவு. 4,000 ரூபாய் தவணை அப்படியே நிற்கிறது. தாமதத்துக்கான அபராதம் வேறு. ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவுப்படி அதை வட்டியோடு சேர்க்கக் கூடாது, அபராதத்துக்கு மேல் வட்டியும் போடக் கூடாது. ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கி, இதைச் சரிபாருங்கள்.

கவனிக்க வேண்டியது மூன்றாவது தவணை. போதிய இருப்பு இல்லாமல் மின்னணுப் பணப் பரிமாற்றம் திரும்பினால், 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம், பிரிவு 25 வரும். செக் பவுன்ஸ் போலவே இதுவும் குற்ற வழக்கு: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டிவிட்டால் இந்தக் குற்றம் ஆகாது. அதனால் தபாலை வாங்க மறுக்காதீர்கள். போனில் மிரட்டுவது நோட்டீஸ் ஆகாது.

அனுமதியை ரத்து செய்த பிறகு வரும் தவணைகளில் சிக்கல் வேறு. அவை நிலுவையாக ஏறி, கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் ஆகும்.

சரி, இப்போது என்ன செய்வது? முடிந்தால் நிலுவைத் தவணையை லோன் கம்பெனியின் ஆப்பிலோ வங்கிக் கணக்கிலோ நேரடியாகக் கட்டி ரசீது வையுங்கள். வசூல் ஆளின் சொந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள். அப்புறம் கோர்ஸை ரத்து செய்து, கட்டணத்தை லோன் கணக்குக்கே திருப்பச் சொல்லி இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். கோர்ஸ்காரர் மசியவில்லையென்றால் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தவணை வசூலை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவும் அங்கே கேட்கலாம். லோன் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யுங்கள்.

கடன் முடிந்தால் நிலுவை இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள்.