ஆர்க்கிடெக்ட்டின் மூன்றாவது பில் ஏன் இவ்வளவு அதிகம்?

கேள்வி: ஆதம்பாக்கத்தில் வீடு கட்டுகிறோம். ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் 5 சதவீதம். முதல் இரண்டு பில்லும் 40,000 ரூபாய், மூன்றாவது 95,000. கணக்கு சரியா?

பதில்: நீங்கள் சொல்லாத ஒன்றை ஊகித்துச் சொல்கிறேன்: நடுவில் எஸ்டிமேட் ஏறியிருக்கும்.

முதல் எஸ்டிமேட் 80 லட்சம் என்றால், அதில் 5 சதவீதமான மொத்த ஃபீஸ் 4 லட்சம். கான்செப்ட் வரைபடத்தோடு 10 சதவீதம், திருத்திய பிளானோடு 20 சதவீதம் என்று வைத்தால் உங்கள் இரண்டு பில்லும் பொருந்துகின்றன. இந்தச் சதவீதங்கள் அந்தக் கட்டம் வரை சேர வேண்டிய மொத்தம். அதனால் ஒவ்வொரு பில்லிலும் ஏற்கெனவே கொடுத்ததைக் கழிப்பார்கள்.

எஸ்டிமேட் 1 கோடியானால் ஃபீஸ் 5 லட்சம். அப்ரூவல் கட்டம் 35 சதவீதம் என்றால் 1,75,000. அதில் 80,000 கழித்தால் 95,000. பழைய எஸ்டிமேட்டிலேயே நின்றிருந்தால் 60,000தான். கூடுதல் 35,000இல் 20,000, முடிந்துபோன இரண்டு கட்டங்களுக்கான வித்தியாசம். அதை இப்போது கேட்கலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

அப்புறம், புது எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். மாடி, லிஃப்ட் என்று நீங்கள் சேர்த்ததால் ஏறியிருந்தால் பில் நியாயம்தான். நிலத்தின் விலையோ அப்ரூவலுக்குக் கட்டிய கட்டணமோ அதில் கலந்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கழிக்கும்போது ஜிஎஸ்டி சேராத தொகையோடு ஒப்பிடுங்கள். பலர் குழம்புவது அங்கேதான்.