100-ஐக் குறிவைக்கும் பட்டர்ஃபிளை: கணக்கு எப்படி?

கேள்வி: ஒரு பங்கு 98-ல் இருக்கிறது. எக்ஸ்பைரிக்கு 7 நாள். அன்று 100-ல் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். 95/100/105 கால் பட்டர்ஃபிளை வாங்கலாமா? 100-ஐத் தொட்டதும் முழு லாபம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

ஆண்டுக்கு 30% ஏற்ற இறக்கம் என்று வைத்து, வட்டியை விட்டுவிட்டால் பிரீமியம் ஏறக்குறைய இப்படி வரும்: 95 கால் 3.55, 100 கால் 0.82, 105 கால் 0.07. 95-லும் 105-லும் ஒவ்வொன்று வாங்கி, 100-ல் இரண்டு விற்கிறீர்கள். கையை விட்டுப் போவது 3.55 + 0.07 − 1.64 = 1.98. அதிகபட்ச நஷ்டமும் அதுவே. எக்ஸ்பைரியில் விலை 95-க்குக் கீழோ 105-க்கு மேலோ இருந்தால் அது முழுதாகப் போகும். சரியாக 100-ல் முடிந்தால் மதிப்பு 5, லாபம் 3.02. நடுவில் கூடாரம் போன்ற வடிவம்: 100-லிருந்து விலை ஒரு புள்ளி விலகினால் லாபமும் ஒரு புள்ளி குறையும். 96.98-க்கும் 103.02-க்கும் இடையில் முடிந்தால்தான் லாபம்.

ஆனால் அந்தக் கூர்மையான கூடாரம் கடைசி நிமிடத்து வடிவம். ஒரு நாள் மீதம் இருக்கையில் பங்கு சரியாக 100-ல் நின்றாலும் மதிப்பு சுமார் 3.75தான். நாளை எந்தப் பக்கமும் நகரலாம் என்ற பயத்தின் விலை மீதி 1.25. அந்த 1.25-ஐயும் பெறக் காத்திருந்தால், விலை 102-க்கு ஓடும்போது 3 ஆகிவிடும். என்னைக் கேட்டால், 3.5-ஐத் தாண்டியதும் வெளியேறுவது மேல்.

எக்ஸ்பைரியில் 100 போன்ற ஸ்டிரைக்கில் விலை ஒட்டிக்கொள்வது உண்டு, எப்போதும் அல்ல. அந்த ஸ்டிரைக்கில் ஆப்ஷன்களை வாங்கி வைத்திருப்பவர்கள் ஹெட்ஜ் செய்தால், விலை ஏறும்போது பங்கை விற்பார்கள், இறங்கும்போது வாங்குவார்கள். அதனால் விலை அங்கேயே இழுபடும். ஹெட்ஜ் செய்பவர்கள் ஆப்ஷனை விற்ற பக்கத்தில் இருந்தாலோ, விலை அங்கிருந்து தள்ளப்படும். ஓப்பன் இன்ட்ரஸ்ட் எண் அவர்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது.

நான்கு ஆப்ஷன்களையும் ஒரே ஸ்பிரெட் ஆர்டராக, லிமிட் விலையில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் 0.05 இடைவெளி இருந்தால், நுழைய 0.10, வெளியேற 0.10 போய்விடும். 1.98 போட்ட இடத்தில் அது பத்தில் ஒரு பங்கு, தரகு தனி.

பங்காகவே செட்டில் ஆகும் ஆப்ஷன் என்றால், எக்ஸ்பைரி முடியும்வரை வைத்திருக்காதீர்கள். விலை 100.05-ல் முடிந்தால் உங்கள் 95 கால் தானாக எக்சர்சைஸ் ஆகி ஒரு லாட் பங்கு வரும். விற்ற இரண்டு 100 கால்களில் எத்தனை உங்கள் மீது அசைன் ஆகும் என்பது பிறகுதான் தெரியும். ஒன்று என்றால் கணக்கு நேர். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு லாட் கையிருப்பு, இரண்டும் என்றால் ஒரு லாட் ஷார்ட். அடுத்த வர்த்தக நாள் விலை எங்கே திறந்தாலும் அந்த நஷ்டத்துக்கு 1.98 என்ற எல்லை கிடையாது. ரொக்கமாகச் செட்டில் ஆகும் இண்டெக்ஸ் ஆப்ஷனில் இந்தச் சிக்கல் இல்லை.