முக மாற்று மாடல்: பயிற்சியை எப்போது நிறுத்துவது?

லாஸ் 0.02-க்குக் கீழே வந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு வந்துவிட்டது. நிறுத்தட்டுமா?

அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒட்டப்போகும் மூல முகம் ஏ, வீடியோவில் ஏற்கெனவே இருக்கும் முகம் பி என்று வையுங்கள். ஏ முகத்தை ஏ-வாகவும் பி முகத்தை பி-யாகவும் எவ்வளவு சரியாகத் திரும்ப வரைகிறது என்பதைத்தான் லாஸ் சொல்லும். பி-யின் பாவனையில் ஏ-யின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பிட அசல் படமே கிடையாது. அதாவது நமக்கு வேண்டிய மாற்று முகத்தை அந்த எண் அளப்பதே இல்லை. பயிற்சியின் நடுவே மாடல் வரைந்து காட்டும் பிரிவியூவில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முகப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க்கோ லாஸ் வகையோ மாறினால் எண்ணும் மாறிவிடும், அதனால் இன்னொருவரின் 0.02 உங்களுக்கு உதவாது.

லாஸ் வரைபடத்தில் கோடு வெகுநேரமாகப் படுத்தே கிடக்கிறது. இனி ஓட்டினால் கரண்ட்தானே வீண்?

பாதி சரி. தொடக்கத்திலிருந்து முழுக் கோட்டையும் பார்த்தால், ஆரம்பச் சரிவின் உயரத்தில் இப்போதைய மெல்லிய இறக்கம் தெரியாது. கடைசிப் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அப்புறம், வாய் திறந்த ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து, அதே முகத்தின் பிரிவியூவைச் சில மணிநேரத்துக்கு ஒருமுறை சேமித்து வாருங்கள். பற்கள் முதலில் ஒரே வெள்ளைப் பட்டையாக இருக்கும். பிறகுதான் பல்லுக்குப் பல் இடைவெளி தெரியும். கண்மணியில் ஒளிப்புள்ளியும் இமை முடியும் இப்படித்தான் தாமதமாக வரும். அடுத்தடுத்த மூன்று படங்களில் இவை மாறவே இல்லை என்றால் அந்தக் கட்டம் முடிந்தது.

ஆனால் பயிற்சிப் படங்களைத் தாறுமாறாக நெளித்துக் கொடுக்கும் ரேண்டம் வார்ப் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பேக்கப் எடுத்துவிட்டு அணையுங்கள். லாஸ் சட்டென்று இறங்கும். மாடல் திடீரென்று எதையும் கற்றுக்கொள்ளவில்லை, வேலை எளிதாகிவிட்டது, அவ்வளவுதான். முகத்தின் கூர்மை இதற்குப் பிறகுதான் வரும்.

என்னுடையதில் நேர்முகம் பிரமாதம், பக்கவாட்டு முகம் மட்டும் மங்கல். இன்னும் இரண்டு நாள் ஓடவிடலாமா?

முதலில் அதே கோணத்தில் மூல முகம் தன்னையே திரும்ப வரைந்த படத்தைப் பாருங்கள். அது கூர்மையாக இருந்தால் ஓடவிடுங்கள். அதுவும் மங்கல் என்றால், அல்லது அந்தக் கோணத்தில் மூலப் படமே இல்லை என்றால், மாடலில் முகத்தை வரையும் பகுதியான டீகோடர் பார்க்காததை வரையச் சொல்கிறீர்கள். எத்தனை நாள் ஓட்டினாலும் வராது, பக்கவாட்டுப் படங்களைச் சேருங்கள். லாஸ் சராசரி என்பதால் இந்தக் குறையைக் காட்டாது.

வீடியோவில் நெற்றி ஓரம் நிறம் ஒட்டவில்லை. ட்ரெய்னிங் போதவில்லையா?

பிரிவியூவில் முகம் நன்றாக இருந்தால் அது முகத்தை வீடியோவில் ஒட்டும் மெர்ஜ் கட்டத்தில் சரிசெய்ய வேண்டியது. மாஸ்க் ஓரத்தையும் நிறப் பொருத்தத்தையும் பாருங்கள்.

வார்ப்பை அணைத்து ஒரு இரவு ஓடவிட்டேன். லாஸ் அருமை, ஆனால் மாற்று முகத்தின் பார்வை பி-யோடு சேரவில்லை.

அணைப்பதற்கு முன் எடுத்த பிரிவியூவில் பார்வை சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் அளவு தாண்டிவிட்டது. அந்தப் பேக்கப்புக்குத் திரும்பி, இந்த முறை அடிக்கடி பார்த்து நிறுத்துங்கள். அணைப்பதற்கு முன்பே சேரவில்லை என்றால் வார்ப்பைச் சீக்கிரமே அணைத்திருக்கிறீர்கள். அணைத்தபின் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதில் ஒத்த கருத்து இல்லை. படங்கள் குறைவாக இருந்தால் சீக்கிரமே கெடும் என்பதுதான் என் அனுபவம்.