வேலிக்கு வெளியே நிற்கும் எண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் சாப்பாடு செய்து பார்சல் அனுப்புகிறேன். ஒரு நாள் 11 பார்சல்கள் போய்ச் சேர எடுத்த நிமிடங்கள்: 22, 24, 25, 27, 28, 30, 31, 33, 34, 46, 95. "வீச்சு 73 நிமிடம்" என்று என் மகன் கணக்குப் போட்டுத் தந்தான். படிக்கவே பயமாக இருக்கிறது. என் டெலிவரி அவ்வளவு மோசமா?

மகன் போட்ட கணக்கில் தப்பில்லை. வீச்சு என்பது மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழிப்பதுதான்: 95 − 22 = 73. ஆனால் அந்தக் கணக்குக்குள் வந்தது இரண்டு பார்சல்கள் மட்டுமே. நடுவில் உள்ள ஒன்பதும் எங்கே இருந்தாலும் வீச்சுக்குக் கவலையில்லை. அந்த 95-ஐ யாராவது கைதவறி 950 என்று எழுதியிருந்தால் வீச்சு 928 ஆகியிருக்கும். டெலிவரி பையன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மாநிலத்துக்கே போனான் என்று நினைத்திருப்பீர்கள்.

கால்மான வீச்சைப் பாருங்கள். எண்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் இருப்பது ஆறாவது எண், 30. அதுதான் இடைநிலை அளவு. அதற்குக் கீழே உள்ள ஐந்தின் நடு எண் 25, முதல் கால்மானம். மேலே உள்ள ஐந்தின் நடு எண் 34, மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் வித்தியாசம் 9 நிமிடம். அதாவது உங்கள் பார்சல்களில் நடுப்பகுதி, ஏறக்குறைய பாதி, ஒன்பது நிமிட இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. 95-ஐ 950 ஆக்கினாலும் இந்த 9 அப்படியே நிற்கும்.

அப்புறம் வேலி. கால்மான வீச்சை ஒன்றரையால் பெருக்கினால் 13.5. அதை 25-லிருந்து கழித்தால் 11.5, அது கீழ் வேலி. 34-உடன் கூட்டினால் 47.5, அது மேல் வேலி. இந்த இரண்டுக்கும் வெளியே நிற்பது 95 மட்டும்தான். அந்த ஒரு பார்சலுக்கு என்ன ஆனது என்று விசாரியுங்கள். மற்றவற்றைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எக்செல் வேறு விடை தருகிறது. கையால் போட்டால் ஒரு எண் வேலிக்குள் இருக்கிறது, எக்செல்லில் வெளியே போகிறது. எது சரி?

இரண்டும் சரி. கால்மானத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. மேலே சொன்ன பார்சல் கணக்கிலேயே இதைப் பார்க்கலாம். எண்கள் A2 முதல் A12 வரை இருந்தால்:

```
=QUARTILE.INC(A2:A12,1)   → 26
=QUARTILE.INC(A2:A12,3)   → 33.5
=QUARTILE.EXC(A2:A12,1)   → 25
=QUARTILE.EXC(A2:A12,3)   → 34
```

இந்த 11 எண்களுக்கு QUARTILE.EXC கையால் போட்ட விடையையே தருகிறது. QUARTILE.INC-ஐ எடுத்தால் கால்மான வீச்சு 9-க்குப் பதில் 7.5, மேல் வேலி 44.75. இப்போது 46 நிமிடப் பார்சலும் வேலிக்கு வெளியே வந்துவிட்டது.

எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. பத்து, பதினைந்து எண்கள் என்றால்தான் இப்படி இழுபறியாகும். ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, எது என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். மற்றபடி, முறையை மாற்றினால் உள்ளேயும் வெளியேயும் போய்வருகிற ஒரு எண்ணை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

ஏன் ஒன்றரை? ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா?

இந்த வேலியையும், கால்மானங்களைப் பெட்டியாக வரைந்து காட்டும் பெட்டிப் படத்தையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டுகி. ஒன்றரை என்பது நிரூபித்துக் கண்டுபிடித்த எண் அல்ல, அனுபவத்தில் வைத்தது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணி வடிவத்தில் பரவியிருக்கும், எந்தப் பிழையும் இல்லாத தரவை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கும் எண் 1 என்றால் நூற்றில் நாலு நல்ல எண்களுக்கு மேல் வேலிக்கு வெளியே போய்விடும். தினமும் அத்தனை பேரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. 2 என்றால் பத்தாயிரத்தில் ஏழுதான் வெளியே வரும், ஆனால் உண்மையான பிழைகளும் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். 1.5 வைத்தால் ஆயிரத்துக்கு ஏழு.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆயிரத்துக்கு ஏழு என்றால், பத்தாயிரம் வரி உள்ள கோப்பில் ஒரு பிழைகூட இல்லாவிட்டாலும் எழுபது எண்கள் வேலிக்கு வெளியே நிற்கும். "எழுபது தவறுகள் கண்டுபிடித்தோம்" என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

வேலிக்கு வெளியே இருப்பதை அழித்துவிடலாமா? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு 1882-இல் நடந்த ஓர் அளவீட்டைச் சொல்கிறேன்.

சைமன் நியூகோம் என்ற அமெரிக்க வானியலாளர் வாஷிங்டனில் ஒளியின் வேகத்தை அளந்தார். போட்டோமாக் ஆற்றின் ஒரு கரையில் சுழலும் கண்ணாடி, மறுகரையில் வாஷிங்டன் நினைவுத் தூணின் அடியில் இன்னொரு கண்ணாடி. ஒளி போய்வர ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியை லட்சம் பங்காக்கினால் அதில் இரண்டரைப் பங்குகூட இல்லை. 24,800 நானோவிநாடியை அடிப்படையாக வைத்து, அதைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று எழுதினால் அவருடைய 66 அளவீடுகளும் சின்னச் சின்ன எண்களாகிவிடும்: 28, 26, 33, 24, 34 என்று போகும். நடுவே திடீரென்று −44. கொஞ்சம் தள்ளி −2.

வீச்சு: 40 − (−44) = 84. அந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்துவிட்டால் 40 − 16 = 24. மீதி 64 எண்களும் அப்படியே இருக்க, சிதறலின் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கால்மான வீச்சு: கால்மானங்கள் 24, 31. எனவே 7. இரண்டையும் எடுத்துவிட்டால் 6.5. நகர்ந்தது அரைதான். வேலிகள் 13.5, 41.5. வெளியே நிற்பவை −44, −2 இரண்டு மட்டும். 16-உம் 40-உம் உள்ளேதான் இருக்கின்றன. 66 எண்களையும் ஒரு கோட்டில் புள்ளியாக வைத்தால் கண் எந்த இரண்டைப் பிடிக்குமோ அதே இரண்டைத்தான் வேலியும் பிடிக்கிறது.

சரி, அழித்துவிடலாமா? அழித்தால் சராசரி 26.2-லிருந்து 27.75 ஆகிறது. இன்று நமக்குத் தெரிந்த ஒளிவேகத்தை வைத்துக் கணக்கிட்டால் வர வேண்டிய எண் 33. கொஞ்சம் பக்கத்தில் போயிருக்கிறோம், போய்ச் சேரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 66 அளவீடுகளில் 33-ஐயோ அதற்கு மேலோ தொட்டவை பத்துதான். மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது. எல்லா அளவீட்டையும் ஒரே மாதிரி பாதிக்கும் பிழை ஒன்று இருந்தால் வேலிக்கு அது தெரியாது, ஏனென்றால் வேலி போடுவதே அந்தக் கூட்டத்தை நடுவாக வைத்துத்தான்.

அதனால் உங்கள் அலுவலகத்துக்கு நான் சொல்வது இது. வேலிக்கு வெளியே வந்த எண்ணை அடையாளமிட்டு மூலப் பதிவேட்டைப் பாருங்கள். எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள். கருவி கெட்டிருந்தது என்று தெரிந்தால் காரணத்தை எழுதி நீக்குங்கள். காரணமே தெரியவில்லை என்றால் அதைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். அழித்துவிட்டு மறுபடி வேலி போடுவது, புதிதாக வெளியே வந்ததை மறுபடி அழிப்பது என்று சிலர் சுற்றிச் சுற்றிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். பில் தொகைகளுக்கு வேலி போட்டால் பெரிய பில்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகின்றன. சிறிய பக்கம் ஒன்றுகூட வருவதில்லை.

வராது. கடை பில் மணி வடிவத்தில் பரவாது. கர்ச்சீப் வாங்குபவர் நிறைய, கல்யாணப் பட்டு எடுப்பவர் கொஞ்சம், வால் வலப்பக்கம் நீளும். கால்மானங்கள் ₹400, ₹2,400 என்று வைத்துக்கொள்வோம். கால்மான வீச்சு ₹2,000, மேல் வேலி ₹5,400. ஒரு நல்ல பட்டுப்புடவை எடுத்தாலே வெளியே போய்விடும். கீழ் வேலி −₹2,600. கழித்தல் தொகைக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால், ₹2,000 என்பதற்குப் பதில் ₹2 என்று யாராவது தட்டியிருந்தாலும் அது மாட்டாது.

இந்த மாதிரித் தரவுக்கு வித்தியாசத்துக்குப் பதில் மடங்கைப் பாருங்கள். தொகைகளுக்கு மடக்கை எடுத்து வேலி போட்டால் நடப்பதும் இதுதான். மூன்றாம் கால்மானம் முதலாவதைப் போல 6 மடங்கு. 6-இன் ஒன்றரை அடுக்கு ஏறக்குறைய 14.7. மேல் வேலி 2,400 × 14.7, சுமார் ₹35,300. கீழ் வேலி 400 ÷ 14.7, சுமார் ₹27. இப்போது அந்த ₹2 பில் கையும் களவுமாக மாட்டும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. பாதிக்கு மேற்பட்ட எண்கள் ஒரே எண்ணாக இருந்தால், உதாரணமாகப் பெரும்பாலான பில்களில் தள்ளுபடி பூஜ்யம் என்றால், இரண்டு கால்மானங்களும் ஒன்றாகிக் கால்மான வீச்சு பூஜ்யமாகிவிடக்கூடும். அப்படியானால் கொஞ்சம் மாறுபட்ட எண் எல்லாமே வேலிக்கு வெளியேதான். அங்கே இந்த விதியைத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் வெறும் வீச்சுக்கு இனி வேலையே இல்லையா?

உண்டு. தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நாள் முழுதும் எடுத்த அளவுகளின் கால்மான வீச்சு அரை டிகிரிதான் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைய உச்சமும் தாழ்வும் என்ன என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உறைநிலைக்குக் கீழே போயிருந்தால் கால்மானங்களில் அது தெரியாது, ஆனால் சில தடுப்பூசிகள் கெட்டிருக்கும். ஓரத்தில் நிற்கும் எண்தான் கேள்வியே என்றால் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் ஒரு மணிக்கு ஐந்து பொருள் எடுத்து அளந்து வீச்சைக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. ஐந்து எண்களுக்குக் கால்மானம் பார்ப்பதில் அர்த்தமில்லை, வீச்சே போதும். ஒவ்வொரு முறையும் அதே ஐந்துதான் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணிக்கை கூடினால் வீச்சும் கூடும்: மணி வடிவத் தரவில் பத்து எண் எடுத்தால் வீச்சு, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தைப் போலச் சராசரியாக மூன்று மடங்கு, நூறு எடுத்தால் ஐந்து மடங்கு. இந்த வாரம் பத்து பார்சல், அடுத்த வாரம் நூறு பார்சல் என்று அனுப்பிவிட்டு இரண்டு வீச்சுகளையும் ஒப்பிட்டால், டெலிவரியில் ஒன்றுமே மாறாமல் இருந்தாலும் மோசமாகிவிட்டதுபோல் தெரியும்.